சுவரில் மாட்டிய மலை வரைபடத்தை போனில் எடுத்தேன்: சரிவு, தண்ணீர், திரும்பும் நேரம் இதை வைத்துச் சொல்ல முடியுமா?

சுரேஷ்_தண்டையார்பேட்டை

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்குப் போகிறோம். மூன்று பேர் முன்பே ஏறியவர்கள். மற்ற நால்வருக்கு மலை புதுசு. வனத்துறை அனுமதிக்கு நண்பன் அலைந்துகொண்டிருக்கிறான், அதைப் பற்றிய கேள்வி இல்லை. மலையின் பெயரையும் வேண்டுமென்றேதான் போடவில்லை. பெயர் போட்டால் அடுத்த வாரமே பிளாஸ்டிக் பாட்டிலோடு கூட்டம் சேர்ந்துவிடும்.

அந்த நண்பனின் அறைச் சுவரில் லேமினேட் செய்த பெரிய வரைபடம் இருக்கிறது. போனில் எடுத்து இங்கே போட்டிருக்கிறேன். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் காண்டூர் கோடுகள் பழுப்பு நிறத்தில், நடுவில் நீல ஓடை, அவன் மார்க்கரால் இழுத்த சிவப்புப் பாதை. கீழே ஏரிக்கரை, அதுதான் வண்டி நிறுத்தும் இடம். மேலே பாதை முடிவது மலை உச்சி. வரைபடத்தின் கீழ் ஓரம் படத்தில் வரவில்லை, அதனால் அளவுகோல் தெரியாது. அவனும் இப்போது ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவான்.

மூன்று கேள்விகள். எந்த இடம் ரொம்பச் செங்குத்து? தண்ணீர் எங்கே நிரப்பலாம்? எத்தனை மணிக்குள் திரும்பத் தொடங்க வேண்டும்?

எண்ணூர்_பாலா

திரும்பும் நேரத்துக்குச் சுலபமான கணக்கு இருக்கிறது. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி போட்டது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உன் பாதை பார்வைக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் என்று தெரிகிறது. அப்படியானால் மேலே போக ஒன்றே முக்கால் மணி நேரம். இறங்குவதற்கு அதில் பாதி போதும். 10 மணிக்கு ஏறத் தொடங்கினாலும் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். 3 மணிக்கு உச்சியிலிருந்து கிளம்பினால்கூட வெளிச்சம் இருக்கும்.

புழல்_ஜாகிர்

சுரேஷ், இந்தப் படத்தை போன் ஆப்பில் ஏற்றி ஜிபிஎஸ் புள்ளி அதன் மேல் நகர்கிற மாதிரி செய்ய வேண்டும், அதுதானே கேள்வி? படத்தின் நான்கு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் போதும், ஆப் தானே பொருத்திக்கொள்ளும். நான் பர்வதமலைக்கு அப்படித்தான் செய்தேன். பாதி வழியில் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அது வேறு கதை. பவர் பேங்க் எடுத்துக்கொள்.

சுரேஷ்_தண்டையார்பேட்டை

ஜாகிர் பாய், அது இல்லை. வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தே முடிவு செய்யப் பார்க்கிறேன். கிளம்பலாமா, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் என்று.

செல்வி_கொளத்தூர்

நான் சாலை, கால்வாய் வேலைகளுக்கு லெவல் எடுக்கும் சர்வேயர். காண்டூர் போடுவதும் படிப்பதும் என் அன்றாட வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாலா சொன்ன 5 கிலோமீட்டரும் 450 மீட்டரும் எப்படி வந்தன என்று முதலில் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் ஓரம் வெட்டுப்பட்ட படத்தில் இரண்டையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

தூரம். வரைபடத்தின் மேல் மெல்லிய கட்டங்கள் இருக்கின்றன. மேலே 47, 48, 49 என்று ஒவ்வொன்றாகக் கூடும் எண்கள் தெரிகின்றன. இந்த வகை மேப்பில் அடுத்தடுத்த கோட்டுக்கு 1 கிலோமீட்டர். ஆனால் நம்பிவிடாதே. ஏரிக்கரைக் கோவிலிலிருந்து தார்ச்சாலை வளைவு வரைக்கும் போன் செயற்கைக்கோள் படத்தில் அளந்து, இங்கே கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார். ஒத்துப்போனால் சரி. நண்பன் மாட்டியிருப்பது பெரிதாக்கிய ஜெராக்ஸாக இருந்தால், ஓரத்தில் 1:50,000 என்று அச்சாகியிருந்தாலும் அது பொய். கட்டம் மட்டும் பொய் சொல்லாது, அது வரைபடத்தோடு சேர்ந்து பெரிதாகியிருக்கும்.

அடுத்து, நீ கீழே நின்று சுவரை அண்ணாந்து எடுத்திருக்கிறாய். அதனால் மேல் பக்கம் சுருங்கியிருக்கிறது. என் திரையில் அடிப்பக்கக் கட்டம் ஒன்று 21 மில்லிமீட்டர், உச்சிக்குப் பக்கத்தில் 17 மில்லிமீட்டர்தான். இரண்டும் அதே 1 கிலோமீட்டர். ஒரே ஸ்கேலை வைத்து முழுப் பாதையையும் அளந்தால், மேல் பகுதியில் 600 மீட்டர் 490 மீட்டராகத் தெரியும். தூரம் குறையும், சரிவு கூடும். சரிவு கூடித் தெரிந்தால் பயம் கூடும், அதனால் ஆபத்தில்லை. தூரம் குறைந்தால் நேரக் கணக்கு குறைவாக வரும், அதுதான் ஆபத்து. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்தக் கட்டத்தின் அளவை வைத்தே அளக்க வேண்டும்.

உயரம் எப்படி என்று மாலை எழுதுகிறேன், சைட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

புழல்_ஜாகிர்

உயரம் நானே பார்த்துவிட்டேன். தடித்த கோட்டில் 200, அடுத்த தடித்த கோட்டில் 300. நடுவில் நான்கு மெல்லிய கோடு. 100-ஐ நான்கால் வகுத்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் 25 மீட்டர்.

செல்வி_கொளத்தூர்

நான்கு கோடு இருந்தால் ஐந்து இடைவெளி, ஜாகிர். 100-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும், 20 மீட்டர். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களில் சமவெளி, குன்றுப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் 20 மீட்டர்தான், அதனால் இது பொருந்துகிறது. ஆனாலும் எந்தப் படத்திலும் எண் எழுதிய இரண்டு தடித்த கோடுகளைத் தேடி இடைவெளியை எண்ணிவிட வேண்டும். 20 என்று மனப்பாடம் செய்தால் வேறு மேப்பில் மாட்டிக்கொள்வோம்.

காசிமேடு_ராயப்பன்

நான் விசைப்படகில் பல வருஷம் போனவன். கடல் சார்ட்டில் ஆழக்கோடு பார்த்தே பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், ஏரிப் பக்கம் 140 என்று போட்டிருக்கிறது, உச்சிப் பக்கம் 540. அப்படியானால் ஏரிதானே மேலே இருக்கிறது? எண் பெரிதானால் பள்ளம்தானே?

செல்வி_கொளத்தூர்

அண்ணே, சார்ட்டில் அது ஆழம், இங்கே கடல் மட்டத்திலிருந்து மேல்நோக்கி உயரம். எண் பெரிதானால் மேடு. ஆனால் உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். மலைப் படத்தில் எண் தெரியாமல் கோடுகள் மட்டும் தெரிந்தால், மேடா பள்ளமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கோடுகள் V மாதிரி மடங்கும் இடத்தைப் பாருங்கள். மடிப்பின் முனை பெரிய எண்ணை நோக்கி இருந்தால் அது ஓடை ஓடும் பள்ளம். முனை சிறிய எண்ணை நோக்கி இருந்தால் மலையின் முகடு, கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. சுரேஷின் நண்பன் இழுத்த பாதையின் மேல் பாதியில், உச்சிக்கு முந்தைய கடைசி 700 மீட்டர் தவிர, முனை உச்சியை நோக்கியே இருக்கிறது. அதாவது பாதை முகட்டில் போகவில்லை, பள்ளத்துக்குள்ளேயே ஏறுகிறது. இது ரொம்ப முக்கியம், பிறகு வருகிறேன்.

மணலி_தேவி

மேலே ஏற எவ்வளவு சாய்வு என்று சொல்லுங்கள் அக்கா. எண்கள் எனக்குப் புரியும், ஆனால் இத்தனை டிகிரி என்றால் காலுக்கு எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. வட சென்னையில் எங்களுக்குச் சாய்வு என்றால் மேம்பாலம்தான்.

செல்வி_கொளத்தூர்

மேம்பாலத்திலிருந்தே தொடங்கலாம். நம் ஊர் மேம்பாலம் ஏறத்தாழ 30 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும். சுரேஷின் பாதையில் முதல் இரண்டரை கிலோமீட்டர் அவ்வளவுதான். ஏரிக்கரை 120-க்கும் 140-க்கும் நடுவே இருக்கிறது, 130 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 200 கோடு வரை 70 மீட்டர்தான் ஏற்றம்.

200-லிருந்து 300 வரை 1.2 கிலோமீட்டர், ஓடையை ஒட்டியே. சாய்வு 8 சதவீதம், 5 டிகிரி. காகிதத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த மாதிரி பள்ளத்தாக்கில் தரை முழுக்க உருண்டைப் பாறையாக இருக்கும். ஆள் உயரப் பாறையைக் காண்டூர் காட்டாது, 20 மீட்டருக்குள் நடக்கும் எதுவுமே அதற்குத் தெரியாது. சாய்வைப் பார்த்து "இங்கே வேகமாகப் போகலாம்" என்று முடிவு செய்பவர்கள் இங்கேதான் நேரத்தை விடுகிறார்கள்.

அப்புறம் 300-லிருந்து 540 வரை. படுக்கையாக 600 மீட்டர், ஏற்றம் 240. சராசரி 40 சதவீதம், 22 டிகிரி. உன் படத்தில் இந்த இடம் வெறும் பழுப்புக் கறையாக இருக்கிறது சுரேஷ், மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. வாட்ஸ்அப்பில் படமாக வந்ததா? மெல்லிய கோடுகளை எண்ணப் பார்க்காதே, நான்கைந்து விட்டுப்போகும். தடித்த கோடுகள் மட்டும் நன்றாகத் தெரிகின்றன, அவற்றுக்கு நடுவே அளந்தேன். 300-லிருந்து 400 வரை 300 மீட்டர் தூரம், 18 டிகிரி. 400-லிருந்து 500 வரை 160 மீட்டர்தான், 32 டிகிரி. அதற்கு மேல் 540 வரை 16 டிகிரி. சராசரி 22 என்று சொன்னால் அந்த நடு 160 மீட்டர் மறைந்துவிடும். தேவி கேட்டதற்குப் பதில்: 18 டிகிரியில் மூச்சு வாங்கும், பேசிக்கொண்டே ஏற முடியாது. 32 டிகிரியில் சரளை மண்ணாக இருந்தால் கை ஊன்ற வேண்டும், இறங்கும்போது புதியவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவார்கள்.

மார்க்கர் கோட்டின் தடிமனையும் கவனி. அது 2 மில்லிமீட்டர் இருக்கும். 1:50,000 வரைபடத்தில் 2 மில்லிமீட்டர் என்றால் தரையில் 100 மீட்டர் அகலம். உண்மையான ஒற்றையடிப் பாதை அந்த 100 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நேராக ஏறுகிறதா, வளைந்து வளைந்து ஏறுகிறதா என்பதை அந்தக் கோடு மறைத்துவிட்டது.

கடைசி 700 மீட்டர் முகட்டில், 540-லிருந்து 580. அது நடைதான்.

எண்ணூர்_பாலா

அக்கா, மொத்தம் 5 கிலோமீட்டர், 450 மீட்டர் என்று நீங்களும் அதே எண்ணுக்குத்தானே வந்தீர்கள். அப்போது என் கணக்கு சரிதான்.

செல்வி_கொளத்தூர்

எண் சரி பாலா, கணக்கும் பொய்யில்லை. ஆனால் அது பழகிய ஆள், நல்ல பாதை, குளிர் நாடு என்று வைத்துப் போட்டது, நிற்கும் நேரமே அதில் கிடையாது. இறங்க ஏற்றத்தில் பாதி என்பது சரிவு மிதமாக இருந்தால்தான். லாங்முயர் என்ற மலையேறி பின்னால் நெய்ஸ்மித் கணக்கில் திருத்தியது அதைத்தான்: மிதமான இறக்கத்தில் நேரத்தைக் கழி, 12 டிகிரிக்கு மேல் செங்குத்தானால் திரும்பக் கூட்டு. அவர்கூட 300 மீட்டர் செங்குத்து இறக்கத்துக்கு 10 நிமிடம்தான் கூட்டினார். புதியவர்கள் நால்வரோடு, 32 டிகிரியில், நான் இன்னும் அதிகம் வைப்பேன்.

என் கணக்கு இது. வரைபடத்தில் நூல் வைத்து அளந்த 5 கிலோமீட்டர் தரையில் 6 ஆகும், சின்னச் சின்ன வளைவுகள் இந்த அளவில் வராது. இந்தக் குழுவுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர். அப்படியானால் 2 மணி நேரம். ஏற்றத்துக்கு 300 மீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று 450-க்கு ஒன்றரை. பாறைப் பகுதிக்குக் கூடுதலாக அரை மணி. நிற்க, தண்ணீர் குடிக்க அரை மணி. மேலே போக நாலரை மணி நேரம். இறங்க அதே நடை 2 மணி, செங்குத்துக்கு 25 நிமிடம், பாறைக்கு அரை மணி, நிற்க 20 நிமிடம். மூன்றேகால் மணி நேரம்.

டிசம்பர் நடுவில் இந்தப் பக்கம் சூரியன் ஏறத்தாழ 5:45-க்கு மறையும். பள்ளத்தாக்குக்குள் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும். அதனால் 4:45-க்கு ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்று வைக்கிறேன். அதிலிருந்து மூன்றேகால் கழித்தால் 1:30. உச்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1:30-க்குத் திரும்ப வேண்டும். 8 மணிக்குக் கிளம்பினால் 12:30-க்கு மேலே போய்விடலாம், ஒரு மணி நேரம் கையில் இருக்கும். 9 மணிக்குக் கிளம்பினால் அது இருக்காது. பாலா சொன்னபடி 3 மணிக்கு உச்சியிலிருந்து இறங்கினால், ஏரிக்கு வரும்போது 6:15. பாறைப் பகுதியைப் பள்ளத்தாக்கு நிழலில் தாண்டி, கடைசி நடையை அரையிருட்டில் முடிக்க வேண்டியிருக்கும்.

காசிமேடு_ராயப்பன்

எங்கள் படகில் ஒரு வழக்கம். டீசலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. காற்று எதிரே திரும்பினால் கையிருப்பு காப்பாற்றும். மலையிலும் அதையே வைக்கலாமே? 8 மணி முதல் 5:45 வரை ஒன்பதே முக்கால் மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு போனால், 11:15-க்குத் திரும்பிவிட வேண்டும்.

எண்ணூர்_பாலா

11:15-க்குத் திரும்பினால் உச்சியே பார்க்க முடியாது அண்ணே, பிறகு எதற்குப் போவது?

செல்வி_கொளத்தூர்

ராயப்பன் அண்ணன் சொல்வது மலையில் கொஞ்சம் அதிகப்படியான பாதுகாப்பு, ஆனால் தப்பில்லை. அதைவிட நான் நடுவில் ஒரு கதவு வைப்பேன். 300 கோட்டில், ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கும் இடம். படத்தில் பார்த்தால் அங்கே வலப்புறம் ஒரு கிளை ஓடை வந்து சேர்கிறது, அதனால் தரையிலும் கண்டுபிடிக்கலாம். அங்கிருந்து உச்சிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். 1:30-லிருந்து பின்னால் எண்ணினால் 11:50. அந்த ஓடைச் சந்திப்புக்கு 11:50-க்குள் வராவிட்டால் செங்குத்தில் ஏறவே வேண்டாம். திட்டப்படி அங்கே 11 மணிக்குச் சற்று முன்பே வந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தாமதம் என்றால் கீழே ஏதோ நடந்திருக்கிறது: கால் பிசகியிருக்கலாம், பாறை எதிர்பார்த்ததைவிட மோசமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது திரும்பும் வழியிலும் அங்கேயேதான் காத்திருக்கும்.

உச்சி தெரிந்த பிறகு 1:30 என்ற எண்ணை யாரும் மதிக்க மாட்டார்கள், எத்தனையோ குழுவில் பார்த்திருக்கிறேன். சரிவின் அடிவாரத்தில் முடிவு செய்வது சுலபம்.

மணலி_தேவி

தண்ணீர் பற்றி யாருமே பேசவில்லை. படத்தில் ஓடை கறுப்பாகத் தெரிகிறது எனக்கு, சுரேஷ் நீலம் என்று எழுதியிருக்கிறார். நாங்கள் ஒரு மார்ச் மாதம் வேறொரு மலைக்குப் போனோம். கூட்டிக்கொண்டு போனவர் மேப்பைக் காட்டி வழியெல்லாம் ஓடை என்றார். போய்ப் பார்த்தால் காய்ந்த மணல். ஒரு பாட்டிலை ஐந்து பேர் பகிர்ந்து குடித்து இறங்கினோம்.

சுரேஷ்_தண்டையார்பேட்டை

சுவரில் நேரில் பார்த்தபோது நீலம் என்றுதான் ஞாபகம். அறையில் மஞ்சள் பல்பு.

செல்வி_கொளத்தூர்

மஞ்சள் வெளிச்சத்தில் மெல்லிய நீலக் கோடு கறுப்பாகத்தான் பதியும். ஆனால் இந்த வரைபடங்களில் கறுப்பு ஓடை என்பதற்கும் அர்த்தம் இருக்கிறது: காய்ந்து கிடக்கும் ஓடையைக் கறுப்பிலும், தண்ணீர் ஓடும் ஓடையை நீலத்திலும் போடுவார்கள். ஆகவே நிறத்தை உறுதி செய்யாமல் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது.

உன் படத்திலேயே ஒப்பிட ஆள் இருக்கிறது. ஊர்ப் பெயர் எழுத்துகள் நிச்சயம் கறுப்பு. ஏரியின் உள்ளே நிரப்பியிருப்பது நிச்சயம் நீலம், படத்தில் பாசி நிறமாகத் தெரிகிறது. நான் பெரிதாக்கிப் பார்த்ததில், ஏரியிலிருந்து 200 கோடு வரை ஓடை ஏரியின் நிறத்தை ஒத்திருக்கிறது. இரண்டு ஓடை சேரும் இடத்துக்கு மேல் எழுத்தின் நிறத்துக்கு மாறுகிறது. அதாவது 200 கோட்டில் உள்ள அந்தச் சந்திப்புதான் கடைசித் தண்ணீர், அதற்கு மேல் இல்லை என்றே வைத்துக்கொள். டிசம்பரில் வடகிழக்கு மழை முடியும் தறுவாயில் போவதால் மேலேயும் ஓடலாம். ஓடினால் லாபம், அதை நம்பிக் கிளம்பக்கூடாது.

சந்திப்பிலிருந்து உச்சிக்குப் போய் மறுபடி அங்கே வர ஐந்தேகால் மணி நேரம், மேலே அரை மணி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். மணிக்கு அரை லிட்டர் என்றால் ஆளுக்கு 3 லிட்டர். முழுதும் வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம், சந்திப்பில் நிரப்பி வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ போடலாம். அங்கே தண்ணீர் இல்லாவிட்டால் அதோடு திரும்பிவிட வேண்டும். அல்லது தொடக்கத்திலிருந்தே சுமக்க வேண்டும். இதை முன்பே குழுவில் பேசிக்கொள்.

புழல்_ஜாகிர்

உச்சியிலேயே ஒரு குட்டி நீல வட்டம் இருக்கிறதே? சுனையாக இருக்குமோ? பர்வதமலையில் உச்சிக்குப் பக்கத்தில் தண்ணீர் பார்த்த ஞாபகம்.

செல்வி_கொளத்தூர்

நானும் பார்த்தேன். படத்தில் அது லேமினேஷனில் விழுந்த விளக்கின் பிரதிபலிப்பு ஓரமாகவும் இருக்கலாம், வரைபடத்தின் குறியாகவும் இருக்கலாம். மேலே மழை விழும் பரப்பு ரொம்பச் சின்னது, கோடுகள் அங்கே கூம்பாக முடிகின்றன. அவ்வளவு சின்னப் பரப்பிலிருந்து தண்ணீர் தேங்கி நிற்பது அபூர்வம். ஆனால் பாறைச் சுனை என்றால் எதுவும் சொல்ல முடியாது. நேர் படம் வரட்டும்.

மணலி_தேவி

மழை பெய்தால்? டிசம்பரில் புயல் வந்தால் இங்கே என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை, 2023-ல் மிக்ஜாம் வந்தபோது நம் தெருக்கள் எல்லாம் எப்படி இருந்தன.

செல்வி_கொளத்தூர்

இதைத்தான் பிறகு வருகிறேன் என்றேன். பாதை பள்ளத்துக்குள் ஏறுகிறது என்று V மடிப்பு சொல்கிறது. 200-க்கும் 300-க்கும் நடுவே அந்தச் சிவப்புக் கோடு ஓடையை நான்கு முறை குறுக்கே தாண்டுகிறது, எண்ணிப் பார்த்தேன். காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் தாண்டிய இடம், மேலே ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் இடுப்பளவுக்கு உயர்ந்து வேகத்தோடு வரலாம். சரிவு அதிகமான மலை, பாறைத் தரை, தண்ணீர் உறிஞ்சாமல் நேராக ஓடைக்கு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை வந்து சேரும். முன்னிரண்டு நாளில் பெரிய மழை இருந்தாலோ, அன்று மழை எச்சரிக்கை இருந்தாலோ 1:30, 11:50 எல்லாம் செல்லாது. அன்றைக்குப் போக வேண்டாம்.

எண்ணூர்_பாலா

அப்படியானால் பள்ளத்தை விட்டுவிட்டு இடப்பக்க முகட்டில் ஏறலாமே? அங்கே கோடுகள் விரிந்திருக்கின்றன. 300-லிருந்து 500 வரை கிட்டத்தட்ட 700 மீட்டர் தூரம் இருக்கிறது. 16 டிகிரிதான். ஓடையும் தாண்ட வேண்டியதில்லை.

செல்வி_கொளத்தூர்

இது நல்ல கண்டுபிடிப்பு பாலா, V-யின் முனை கீழ்நோக்கி இருக்கும் முகடு, உண்மைதான். சரிவு குறைவு, மழையில் பாதுகாப்பு. ஆனால் அங்கே வரைபடத்தில் பாதை எதுவும் இல்லை, முழுக்கப் பச்சை. முட்புதர் என்றால் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட போக முடியாது. வனத்துறை அனுமதியும் குறிப்பிட்ட வழிக்குத்தான் தருவார்கள். இறங்கும்போது முகட்டில் வழி பிரியும், பள்ளத்தில் அந்தக் குழப்பம் இல்லை. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிப் போனால் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எண்ணூர்_பாலா

பாதை இல்லாமல் முகட்டில் ஏறி நிறையப் பேர் போகிறார்கள். பச்சை என்றால் எல்லாம் முள் என்று அர்த்தமில்லை.

காசிமேடு_ராயப்பன்

அது அந்த ஊர்க்காரர் சொன்னால்தான் தெரியும் தம்பி. எங்கள் பக்கம்கூட அப்படித்தான். நகரி மலை முகடு கடலிலிருந்து தெரியும், அதைப் பார்த்துத் திசை பிடித்த பெரியவர்கள் உண்டு. அந்த மலையில் ஏறியவர் யாரும் இல்லை.

சுரேஷ்_தண்டையார்பேட்டை

நேற்று நண்பன் திரும்பிவிட்டான். வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் வைத்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, ஓரம் முழுதும் வருகிற மாதிரி எடுத்தோம். உச்சியையும் செங்குத்துப் பகுதியையும் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன், இங்கேயும் அப்படியே ஏற்றியிருக்கிறேன். காண்டூர் இடைவெளி 20 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. பெரிதாக்கிய ஜெராக்ஸ் இல்லை, அசல். கட்டங்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவு.

ஓடை 200 கோட்டுக்கு மேல் கறுப்புதான். உச்சி வட்டம் வரைபடத்தில் இல்லவே இல்லை, விளக்குதான் அது. 400-க்கும் 500-க்கும் நடுவே மெல்லிய கோடுகளை இப்போது எண்ண முடிகிறது, நான்கு. 440-க்கும் 480-க்கும் நடுவே இன்னும் நெருக்கம்.

செல்வி_கொளத்தூர்

அந்த 40 மீட்டர் எவ்வளவு தூரத்தில் ஏறுகிறது? அளந்து போடு.

சுரேஷ்_தண்டையார்பேட்டை

1 மில்லிமீட்டர்தான். தரையில் 50 மீட்டர்.

செல்வி_கொளத்தூர்

அரை மில்லிமீட்டர் பிழை இருந்தாலும் 28-லிருந்து 58 டிகிரிக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், நடுவே 39. 1:50,000-ல் இவ்வளவு சின்னத் துண்டை அளந்து டிகிரி சொல்வது ஏமாற்று வேலை. அங்கே ஒரு பாறைப் படி இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள். ஏறியவர்கள் மூவரில் ஒருவர் முன்னால் போய்ப் பார்க்கட்டும், புதியவர்கள் நால்வரும் 440-க்குக் கீழே காத்திருக்கட்டும். அதற்கு 15 நிமிடம் சேர்த்தால் உன் கதவு 11:50-லிருந்து 11:35 ஆகிறது.

மணலி_தேவி

ஓரத்தில் சர்வே செய்த வருடம் போட்டிருக்குமே, என்ன வருடம்? பழையதாக இருந்தால் பாதையே மாறியிருக்கலாம்.

சுரேஷ்_தண்டையார்பேட்டை

அந்த மூலையில் நண்பன் ஆணி அடித்து, அதற்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறான். உரித்தால் லேமினேஷன் கிழியும் என்கிறான்.

புழல்_ஜாகிர்

`onlinemaps.surveyofindia.gov.in` போய் அந்த ஷீட் எண்ணைத் தேடு. ஓப்பன் சீரிஸ் வரைபடம் பதிவிறக்கம் செய்யலாம், ஓரம் முழுதும் இருக்கும், வருடமும் இருக்கும். மேல் ஓரத்தில் ஷீட் எண் தெரிகிறதா?

சுரேஷ்_தண்டையார்பேட்டை

தெரிகிறது. இன்றைக்கு ராத்திரி பார்க்கிறேன். குழுவில் 11:35 என்று சொன்னதற்கு இரண்டு பேர் முகம் சுளித்துவிட்டார்கள், இப்போதே.